கையெழுத்துக்கு இரண்டு நாள் அவகாசம்



சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை பார்க்கும் தன் கணவரைப் பற்றி ஒரு வாசகி எழுதியிருந்தார். பிப்ரவரியில் மேனேஜர் கூப்பிட்டு, "உங்களை 60 நாள் பி.ஐ.பி.யில் போடுகிறோம்" என்றாராம். வேலைத்திறனை உயர்த்திக்கொள்ள ஒரு வாய்ப்பு என்று விளக்கமும் சொன்னாராம். வேலைதான் போகவில்லையே என்று வீட்டில் தேற்றிக்கொண்டார்கள்.

ஏப்ரலில் டீமில் மற்றவர்களுக்கு 8 சதவீதம் இன்கிரிமென்ட் வந்தது. இவருக்கு இல்லை.

இவர் சம்பளம் மாதம் 60,000 ரூபாய். கைவிட்டுப் போனது மாதம் 4,800, வருஷத்துக்கு 57,600. ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணம்! அதோடு முடிகிறதா? அடுத்த வருஷம் அதே 8 சதவீதம் கிடைத்தாலும் இவர் 64,800-ல் நிற்பார். பக்கத்து சீட்காரர் 69,984-க்குப் போயிருப்பார். பி.ஐ.பி.யில் பாஸானாலும் இந்த இடைவெளி தானாக மூடாது. அதனால்தான் சொல்கிறேன், பாஸானதும் முதல் வேலையாக, "நிறுத்திவைத்த உயர்வு எப்போது வரும்?" என்று மெயிலில் கேளுங்கள்.

இவர் விஷயத்தில் அதற்கு இடமில்லாமல் போய்விட்டது. ஏப்ரல் கடைசியில் எச்.ஆர். அழைத்து, "நீங்களே ரிசைன் பண்ணிவிடுங்கள். மே 31 கடைசி நாள். ரெக்கார்டில் கெட்ட பெயர் இருக்காது" என்றார். கையெழுத்துக்குக் காகிதம் தயாராக இருந்தது.

இங்கேதான் பலர் பயத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ரிசைன் செய்தால் நோட்டீஸ் கொடுக்கும் பொறுப்பு நம்முடையது. கம்பெனி அனுப்பினால் அது கம்பெனியின் பொறுப்பு. இவருடைய அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் நோட்டீஸ் காலம் 90 நாள். அதாவது மூன்று மாதச் சம்பளம், 1,80,000 ரூபாய். நம் கையெழுத்து அவர்களுக்கு வேண்டும் என்றால், அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

நல்ல வேளையாக அவர் இரண்டு நாள் அவகாசம் கேட்டு வீட்டுக்கு வந்தார். இரவு இருவரும் அந்த லெட்டரை வரிவரியாகப் படித்தார்கள். வேரியபிள் பே பற்றிய பகுதியில் ஒரு வரி இருந்தது: பணம் போடும் நாளில் ஊழியர் ரோல்ஸில் இருக்க வேண்டும். அந்த நாள் ஜூன் 15. மே 31-ல் வெளியே வந்திருந்தால் முழு வருஷம் உழைத்ததற்கான தொகை போயிருக்கும். கண்டுபிடித்தது மனைவிதான்.

மறுநாள் அவர் மெயில் எழுதினார். கோபமில்லை, வாதமில்லை. கடைசி நாள் ஜூன் 30, மீதி நோட்டீஸ் நாட்களுக்குச் சம்பளம், வழக்கமான ரிலீவிங் லெட்டர், இந்த மூன்றும் எழுத்தில் வந்தால் ரிசைன் செய்கிறேன் என்றார்.

ஜூன் 30-ம் ரிலீவிங் லெட்டரும் கிடைத்தன. நோட்டீஸ் சம்பளத்தில் ஒரு பகுதிக்குத்தான் சம்மதித்தார்கள். வேரியபிள் பேயும் ரேட்டிங் குறைவால் பாதிதான் வந்தது. ஆனால் ஜூலை மாத வீட்டுக் கடன் தவணை தவறவில்லை என்று எழுதியிருக்கிறார் அந்தச் சகோதரி.

அன்புடன்,
ஆசிரியர்