யார் யாருக்குக் கற்பித்தார்கள்?

1521-ல் ஸ்பானியப் படை ஆஸ்டெக் மக்களின் தலைநகரை அழித்தது. ஆனால் அந்நாட்டுச் சந்தையில் கண்ட காய்க்கு வென்றவனிடம் பெயரில்லை, தோற்றவனிடமே கேட்டறிந்தான்.

அங்குள்ள உழவர்களின் நாவாட் மொழியில் சதைப்பற்றுள்ள உருண்டைக் காய்களுக்கெல்லாம் ‘தொமாட்ல்’ என்பது பொதுப்பெயர். சிவப்புத் தக்காளிக்குத் தனிப்பெயர் ‘ஷித்தொமாட்ல்’. கடைசியில் வரும் ‘ட்ல்’ ஸ்பானியர் நாவில் ‘தே’ என்று திரிந்தது. ‘தொமாதே’ பிறந்தது.

ஸ்பெயினில் சிவப்புத் தக்காளிக்கே அந்தப் பொதுப்பெயரைச் சூட்டிவிட்டனர். நுட்பம் தொலைந்தது. மத்திய மெக்சிகோ மக்களோ இன்றும் சிவப்பை ‘ஹித்தொமாதே’ என்றும் பச்சைக்காய் வகையைத் ‘தொமாதே’ என்றும் பிரித்தே சொல்கிறார்கள்.

‘நாகரிகம் கற்பிக்க வந்தோம்’ என்று மார்தட்டினார்களே, அவர்கள் அந்த உழவனிடம் பாடம் கேட்டதற்கு அவர்களுடைய அகராதியே சாட்சி! கேட்ட பாடத்தையும் அரைகுறையாகவே கற்றார்கள்.