பெயரை நீக்கினால் மட்டும் போதாது

மருத்துவமனைகள் தம் நோயாளர் பதிவேடுகளிலிருந்து சுருக்க அறிக்கைகள் தயாரித்து ஆய்வாளர்களோடும் சுகாதாரத் துறையோடும் பகிர்ந்துகொள்கின்றன. எந்த நோய் எவ்விடத்தில் பெருகுகிறது என்பதை அறிய அவை தேவை. அவற்றில் பெயரும் தொலைபேசி எண்ணும் நீக்கப்படும் என்று நோயாளர்களிடம் உறுதி கூறப்படுவது வழக்கம். அந்த உறுதிமொழி மட்டும் போதாது என்பதே நம் கருத்து.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1990-களின் நடுப்பகுதியில் இது தெளிவாயிற்று. அரசு ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டைக் கவனித்த அமைப்பு, பெயர்களை நீக்கிவிட்டு மருத்துவப் பதிவுகளை ஆய்வாளர்களுக்கு அளித்தது. பிறந்த நாள், பாலினம், அஞ்சல் குறியீட்டு எண் ஆகியவை அவற்றில் அப்படியே இருந்தன. அப்போது மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி அப்பதிவுகளோடு ஒப்பிட்டார். அம்மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த நாளைக் கொண்டவர்கள் அப்பட்டியலில் 6 பேர்; அவர்களுள் ஆண்கள் 3 பேர்; அவருடைய அஞ்சல் எண்ணில் வசித்தவர் அவர் ஒருவரே. பெயரில்லாத பதிவிலிருந்து ஆளுநரின் மருத்துவ விவரம் இவ்வாறு வெளிப்பட்டது.

இதிலிருந்து நாம் அறிவது ஒன்று. ஒருவரைக் காட்டிக்கொடுப்பது பெயர் மட்டுமன்று. தனித்தனியே தீங்கற்றவையாகத் தோன்றும் சில விவரங்கள் ஒன்றுசேர்ந்தும் காட்டிக்கொடுக்கும். ஆகவே ஒவ்வொரு விவரமும் அறிக்கையின் நோக்கத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே அதில் இருக்க வேண்டும். பிறந்த நாளுக்குப் பதிலாக '60 முதல் 69 வயது வரை' என்று எழுதலாம். ஊரின் பெயருக்குப் பதிலாக மாவட்டத்தையும், சேர்க்கை நாளுக்குப் பதிலாக ஆண்டையும் குறிக்கலாம். மருத்துவமனை தரும் பதிவு எண்ணையும் நீக்கியாக வேண்டும். அது நோயாளரின் ஒவ்வொரு ரசீதிலும் அச்சாகியிருக்கிறது. மருத்துவரும் செவிலியரும் எழுதும் குறிப்புகளில் இன்னும் கவனம் வேண்டும். 'பள்ளித் தலைமையாசிரியையான மருமகள் உடன் வந்தார்' என்ற ஒரு வரியே அக்குடும்பத்தை ஊருக்கு அடையாளம் காட்டிவிடும். குறிப்புப் பகுதியை முழுமையாக விலக்கிவிடுவதே நலம்.

எண்ணிக்கைகளை மட்டும் தரும் அட்டவணையிலும் இந்த ஆபத்து உண்டு. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு வட்டாரத்தில் டயாலிசிஸ் பெறுவோர் மொத்தம் 60 பேர் என்று கொள்வோம். அவர்களுள் 20 வயதுக்குக் குறைந்தவர்கள் 2 பேர். 20 முதல் 39 வயது வரை 11 பேர். 40 முதல் 59 வரை 28 பேர். 60-க்கு மேற்பட்டோர் 19 பேர். அந்த 2 பேர் யார் என்பதை அவர்கள் படிக்கும் பள்ளியும் தெருவும் எளிதில் ஊகித்துவிடும். அந்த எண்ணை மறைத்து அங்கே ஒரு கோடு இட்டாலும் பயனில்லை. மற்ற மூன்றையும் கூட்டினால் 58. மொத்தமான 60-இலிருந்து அதைக் கழித்தால் மறைத்த எண் வெளிவந்துவிடும். முதல் இரு பிரிவுகளையும் இணைத்து '40 வயதுக்குக் குறைந்தோர் 13 பேர்' என்று தருவதே சரியான வழி. அமெரிக்க அரசின் மெடிக்கேர் தரவுகளை வெளியிடுவோர் 11-க்குக் குறைந்த எண்ணிக்கையை வெளிக்காட்டலாகாது என்பது அங்குள்ள விதி. அவ்வாறான ஒரு வரம்பை ஒவ்வொரு மருத்துவமனையும் வகுத்துக்கொள்ள வேண்டும்.

கணினிக் கோப்பையும் மறக்கலாகாது. எக்செல் கோப்பில் பெயர் உள்ள நெடுவரிசையை மறைத்து வைப்பது நீக்குவதாகாது. பெறுபவர் ஒரு நொடியில் அதை மீண்டும் திறந்துவிடலாம். சுருக்க அட்டவணையை மட்டும் புதிய கோப்பொன்றில் வெறும் எண்களாகப் படியெடுத்து அனுப்புவதே பாதுகாப்பு.

இவற்றால் ஓர் இழப்பும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. பிரிவுகளை இணைக்கும்போது சிறுவர்களின் நிலை தனியே தெரியாமல் போகிறது. அதைத்தான் ஆராய வேண்டும் என்போர், பொது அறிக்கையை நாடாமல், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடும் நோயாளரின் இசைவோடும் தனியே தகவல் பெறட்டும். சிலருடைய நோய் ஊரறியப் போவதைவிட அறிக்கை சற்று மங்கலாக இருப்பது மேல்.

இசைவுப் படிவத்தில் கையொப்பமிடும் முன் நோயாளரும் உடனிருப்போரும் மூன்று கேள்விகள் கேட்கலாம். பெயர், தொலைபேசி எண் தவிர வேறு என்னென்ன நீக்கப்படுகின்றன? எத்தனை பேருக்குக் குறைந்தால் எண்ணிக்கை தனியே காட்டப்படாது? அறிக்கை யாரிடம் செல்கிறது? இவற்றுக்கு விடை பெறுவது உங்கள் உரிமை. விடை கூறுவது மருத்துவமனையின் கடமை.