வினாத்தாள்களில் மறைந்துள்ள பாரபட்சத்தைக் களையக் கோரும் மனு

அனுப்புநர்:
மலைப்பகுதி அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சங்கத்தினர்

பெறுநர்:
உயர்திரு தேர்வுத் துறை இயக்குநர் அவர்கள்

பொருள்: எட்டாம் வகுப்பு உதவித்தொகைத் தேர்வு – வினாக்களின் சொல்லமைப்பு – முன்பரிசீலனையும் பின்னாய்வும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்காக எளிய வினாத்தாள் கேட்டு நாங்கள் வரவில்லை. கணக்குத் தெரிந்த பிள்ளை, கணக்குக்குத் தொடர்பில்லாத ஒன்று தெரியாததால் மதிப்பெண் இழக்கிறது. அதை நிறுத்தவே இம்மனு.

பயிற்சித் தாள்களில் ஆண்டுதோறும் வரும் ஒரு வகைக் கணக்கைப் பாருங்கள். 150 மீட்டர் நீளமுள்ள ரயில், மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் 300 மீட்டர் நீளமுள்ள நடைமேடையைக் கடக்க எத்தனை நொடி ஆகும்? வேகம் நொடிக்கு 15 மீட்டர். ரயிலின் நீளமும் சேர்வதால் கடக்கும் தூரம் 450 மீட்டர். விடை 30 நொடி. ஆனால் எங்கள் பிள்ளைகளில் பலர் 20 என்று எழுதுகிறார்கள். விடைத் தெரிவுகளிலும் 20 தவறாமல் இருக்கும். ஒரு மாணவியிடம் படம் வரைந்து விளக்கச் சொன்னோம். நடைமேடையை நீளக் கோடாகவும் ரயிலை ஒரு புள்ளியாகவும் போட்டாள். அலகு மாற்றத்திலும் வகுத்தலிலும் பிழையே இல்லை. கடைசிப் பெட்டியும் வெளியேறினால்தான் 'கடந்தது' ஆகும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. ரயில் நிலையத்தில் நின்று பார்த்த பிள்ளைக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இவள் ரயிலையே பார்த்ததில்லை.

அதற்காக ரயில் கணக்கையே நீக்கிவிடச் சொல்லவில்லை. 'ரயிலின் முன்முனை நடைமேடையைத் தொடுவது முதல் அதன் பின்முனை நடைமேடையை விட்டு நீங்குவது வரை' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகம் நிகழ்தகவுப் பாடத்தில் சீட்டுக்கட்டின் 52 சீட்டுகளையும் அட்டவணையாகவே காட்டுகிறது. சீட்டு ஆடாத வீட்டுப் பிள்ளையும் அதனால்தான் அந்தக் கணக்கைப் போட முடிகிறது.

மனத்திறன் பகுதியில் வரும் உறவுமுறை வினாக்கள் இதைவிடச் சிக்கலானவை. 'குமாரின் தாயுடைய சகோதரரின் மனைவி குமாருக்கு என்ன உறவு?' என்று கேட்டு, அத்தை, மாமி, சித்தி, பெரியம்மா என்று நான்கு விடைகள் தருகிறார்கள். சில வீடுகளில் அவர் அத்தை, சில வீடுகளில் மாமி. விடைக்குறிப்பு ஒன்றை மட்டும் ஏற்றால், மற்ற வீட்டுப் பிள்ளை தன் வீட்டில் சரியாக அழைக்கும் உறவே தவறாகிவிடுகிறது. அக்காவைத் தாய்மாமனுக்கே கட்டிக்கொடுத்த வீட்டில் குழப்பம் இன்னும் கூடும். அங்கே தாய்மாமன் மனைவி சொந்த அக்கா! இந்த வினா அளப்பது தர்க்கத்தை அல்ல, வினா எழுதியவர் வீட்டு வழக்கத்தை.

மலைப் பிள்ளைகளின் சராசரி குறைவு என்பதால் மட்டும் ஒரு வினாவைப் பாரபட்சமானது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆசிரியர் பற்றாக்குறையாலும் சராசரி குறையும். சரியான ஒப்பீடு வேறு. மொத்த மதிப்பெண்ணில் சமமாக உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். 50 முதல் 55 வரை பெற்றவர்களில் நகரப் பிள்ளைகள் நூற்றுக்கு 70 பேரும், மலைப் பிள்ளைகள் நூற்றுக்கு 45 பேரும் ஒரு வினாவுக்குச் சரியாக விடை எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மற்ற மதிப்பெண் பிரிவுகளிலும் இதே இடைவெளி தெரிந்தால், அந்த வினாவைத் தனியே எடுத்து ஆராய வேண்டும். 1959இல் மேன்டலும் ஹென்செலும் நோய்க் காரண ஆய்வுக்காக வகுத்த கணக்கீட்டை, 1988இல் ஹாலண்டும் தேயரும் தேர்வு வினாக்களுக்குப் பொருத்திக் காட்டினர். விடைத்தாள்கள் கணினியில் திருத்தப்படுவதால் இதற்குத் தேவையான தரவு துறையிடமே இருக்கிறது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. தாள் முழுவதுமே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், ஒப்பிடப் பயன்படும் மொத்த மதிப்பெண்ணும் சாய்ந்தே இருக்கும். மலைப் பிள்ளைகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் ஓராண்டுத் தரவும் போதாமல் போகலாம். எனவே அச்சுக்கு முன் மனிதர்கள் வாசித்துப் பார்ப்பதும் கட்டாயம்.

ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கோருகிறோம்:

1. வினாத்தாள் பரிசீலனைக் குழுவில் மலை, கடலோரப் பகுதி ஆசிரியர்களையும் உருது, தெலுங்கு வழிப் பள்ளி ஆசிரியர்களையும் சேர்க்க வேண்டும். புதிய வகை வினாக்களைத் தேர்வெழுதாத வேறு வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்து, என்ன புரிந்துகொண்டார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

2. முடிவுகளை வெளியிடும் முன் மேற்சொன்ன ஒப்பீட்டைச் செய்ய வேண்டும். சிக்கும் வினாவை ஆசிரியர் குழு வாசித்து, பிழை சொல்லமைப்பில்தான் என்று கண்டால் அதை நீக்கி மதிப்பெண்ணைக் கணக்கிட வேண்டும். பல ஆண்டுத் தரவைச் சேர்த்து ஆராயவும் ஏற்பாடு வேண்டும்.

3. உறவுமுறை வினாக்களில் 'தந்தையின் சகோதரி' போன்ற விளக்கச் சொற்களையே விடைகளாகத் தர வேண்டும். இந்த ஆண்டுத் தாளில் அத்தை, மாமி இரண்டும் பொருந்தும் இடங்களில் இரண்டையும் ஏற்க வேண்டும்.

மூன்றாம் கோரிக்கையின் பிற்பகுதி தற்காலிக விடைக்குறிப்பு மீதான ஆட்சேபக் காலத்துக்குள் முடிவாக வேண்டியது. எனவே அதை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுமாறும், மற்றவை பற்றிப் பேச எங்கள் பிரதிநிதிகளுக்கு நேரம் ஒதுக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். மாணவர்கள் வரைந்த படங்களின் நகல்களைப் பெயர் நீக்கி இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
சங்கத் தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்