'ஆமாம்' வேறு, 'யெஸ்' வேறு

"யூ டிடன்ட் சென்ட் இட், டிட் யூ?" என்கிறார் மேலாளர். அனுப்பாதவர் "யெஸ்" என்கிறார். அனுப்பிவிட்டதாகவே மேலாளர் கொள்கிறார். இதனை அறியாமை என்பது தவறு. 'ஆமாம், அனுப்பவில்லை' என்கையில், தமிழின் 'ஆமாம்' கேட்டவரின் கூற்றை ஏற்கிறது. ஆங்கிலத்தின் யெஸ், நோ இரண்டுமோ விடையிலுள்ள வினை உடன்பாடா எதிர்மறையா என்பதையே சுட்டுகின்றன. ஆதலால், வயதுவந்தோருக்கு வால்வினாப் பட்டியலை மனப்பாடம் செய்விப்பதைவிட, கேள்வியின் வடிவை விடுத்து நிகழ்ந்ததை நோக்கக் கற்பிப்பதே தகும். அனுப்பாதிருந்தால், "நோ, ஐ டிடன்ட்." அனுப்பியிருந்தால், "யெஸ், ஐ டிட்." 'டிட் யூ சென்ட் இட்?' என்றாலும் 'டிடன்ட் யூ சென்ட் இட்?' என்றாலும் இவ்விடைகள் மாறா. துணைவினையையும் சேர்த்துச் சொன்னால், தனித்த 'யெஸ்' விளைக்கும் ஐயமும் எழாது.