பெட்டியில் பயணிக்கும் பருப்புப் பொடி

கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் தொடங்கிய 1990ஆம் ஆண்டு முதல், பணி நிமித்தம் இங்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல. அவற்றுள் சில பின்னர் வெளிநாடு சென்றுள்ளன. வீட்டில் பொடி, வற்றல் செய்து விற்கும் பெண்கள் அக்குடும்பங்களுக்கு அஞ்சலில் அனுப்ப விரும்பிக் கடன் கேட்டு வருகின்றனர். முதல் விற்பனை அஞ்சலில் தொடங்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

விடுமுறைக்கு ஊர் வரும் குடும்பம் திரும்பும்போது பெட்டியில் கொண்டு செல்லட்டும். அது உள்நாட்டு விற்பனையே. ஆண்டு விற்பனை சிறு தொழிலுக்கான வரம்புக்குள் இருக்கும் வரை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அடிப்படைப் பதிவு போதும். ஏற்றுமதிக்கோ மத்திய உரிமமும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணும் தேவை.

எதைக் கொடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். இந்தியாவிலிருந்து பால், இறைச்சிப் பொருள்களைப் பயணிகள் கொண்டுவரப் பிரிட்டன் அனுமதிப்பதில்லை. ஆகவே நெய் இனிப்பை விடப் பருப்புப் பொடி ஏற்றது. தேங்காய் சேர்த்த பொடி விரைவில் காறும், அதைத் தவிர்க்கலாம். ஒவ்வொரு முறை அரைக்கும்போதும் ஒரு பொட்டலத்தைத் தேதியிட்டு வீட்டிலேயே வைத்து, இரண்டு மாதம் கழித்துப் பிரித்து முகர்ந்து பாருங்கள். காறல் வாடை இருந்தால் அதைவிடக் குறைந்த காலத்தையே உறையில் அச்சிட வேண்டும்.

ஒரு குடும்பம் கால் கிலோ பொட்டலங்கள் ஆறு வாங்குகிறது என்று கொள்வோம். அவற்றுடன் ஐம்பது கிராம் பொட்டலங்கள் நான்கைச் சேர்த்துக் கொடுத்து, அண்டை வீட்டாருக்கு வழங்கச் சொல்லுங்கள். உறையில் சேர்பொருள்கள், தயாரித்த நாள், தொலைபேசி எண் ஆகியவை இருக்கட்டும். அவ்வூர்த் தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நீங்களே விளம்பரம் இட்டால் பலர் கடந்து போவர். உண்டவர் ஒருவர் எழுதும் இரண்டு வரியை நம்புவர். ஆனால் கெட்டுப்போன ஒரு பொட்டலத்தின் செய்தியும் அதே குழுவில், அதே வேகத்தில் பரவும்.

கணக்கேட்டில் “யார் சொல்லி வந்தவர்” என்று ஒரு கட்டம் வரையுங்கள். ஒரே நகரிலிருந்து புதியவர்கள் தொடர்ந்து கேட்டு, முன்பு வாங்கியவர்களும் மீண்டும் கேட்டால், அப்போது உரிமம் பெற்று அஞ்சல் வழிக்கு மாறலாம்.

அப்போது விற்பனைப் பொருளை “அன்பளிப்பு” என்று எழுதி அனுப்பும் பழக்கம் வேண்டாம். வீட்டில் சமைத்துத் தனிப்பட்ட அன்பளிப்பாக அனுப்பும் உணவுக்கு அமெரிக்கா முன்னறிவிப்பிலிருந்து விலக்கு அளிக்கிறது. விலைக்கு விற்றதற்கு அது பொருந்தாது. பொய் விவரத்தால் ஒரு பொதி தடுக்கப்பட்டால் ஏமாற்றம் அடைபவர், உங்களைப் பிறருக்குப் பரிந்துரைத்தவரே. வெளிநாட்டிலிருந்து வரும் விற்பனைத் தொகையையும் குடும்பச் செலவுக்கான பணமாகக் காட்டாமல், நடப்புக் கணக்கில் ஏற்றுமதி வரவாகவே பெறுங்கள். பின்னாளில் தொழிற்கடன் கேட்கும்போது அந்த வரவே உங்கள் சான்று.