சம்பந்தி வீட்டுக்கும் ஒரு வாழ்த்து



கும்பகோணத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய தம்பி மகளுக்கும் திண்டுக்கல் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளைக்கும் இந்த ஆண்டு கல்யாணம் ஆகியிருக்கிறது. வரப்போவது தலை தீபாவளி. பெண்ணின் பெரியப்பா என்ற முறையில் வாழ்த்து மடல் அனுப்ப வேண்டும். “பிள்ளைகளுக்கு என்ன எழுதினாலும் சந்தோஷப்படுவார்கள். சம்பந்தி வீட்டில் வாங்கிப் படிக்கும்போது அவர்கள் மனசு கோணக் கூடாது. அதே நேரம், நம் வீட்டுப் பண்டிகையை நாமே மழுப்பி எழுதின மாதிரியும் இருக்கக் கூடாது” என்று கேட்டு, தான் எழுதி வைத்திருக்கும் வரிகளையும் இணைத்திருந்தார். அவர் அனுமதியோடு அவற்றைத் தருகிறேன்.

“மதங்களைக் கடந்து மனங்களால் இணைந்த தம்பதிக்கு இனிய தீபாவளி மற்றும் கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துகள். எல்லா நதியும் கலப்பது ஒரே கடலில்தான். எம்மதமும் சம்மதமே.”

ஒவ்வொரு வரியும் நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். ஆனாலும் இதை இப்படியே அனுப்ப வேண்டாம் என்று அவருக்குப் பதில் எழுதினேன்.

முதலில் அந்த இரட்டை வாழ்த்து. தீபாவளி அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர் பாதிக்குள் வந்துவிடும். கிறிஸ்துமஸுக்கு அதன்பிறகு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். நடுவில் கத்தோலிக்க வீடுகளில் திருவருகைக் காலம் என்று நான்கு ஞாயிறுகள் உண்டு. ஞாயிறுக்கு ஒன்றாக மெழுகுவத்தி ஏற்றி, விழாவுக்கு மனத்தைத் தயார் செய்கிற நாட்கள் அவை. அதற்கெல்லாம் முன்பாகவே தீபாவளியோடு ஒட்டுப்போட்டு கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொன்னால், ஒரு கடமையைச் சேர்த்து முடித்துக்கொண்ட மாதிரி இருக்கும். டிசம்பரில் தனியாக ஒரு வாழ்த்து வருமா என்ற எதிர்பார்ப்புக்கும் அங்கேயே முற்றுப்புள்ளி விழுந்துவிடும். சம்பந்தி வீட்டுக்கு மரியாதை செய்ய வேண்டுமானால், அவர்கள் விழாவை அவர்கள் நாளில், அவர்கள் சொல்லும் பெயரில் வாழ்த்த வேண்டும். தீபாவளி வாழ்த்து முழுக்கத் தீபாவளி வாழ்த்தாகவே இருக்கட்டும்.

அடுத்தது மதங்களைக் கடந்த கதை. இந்தப் பிள்ளைகள் மதத்தைக் கடந்து எங்கும் போய்விடவில்லை. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்தால் பெண்ணும் பிள்ளையும் அவரவர் மதத்திலேயே இருக்கலாம். ஞானஸ்நானம் பெறாத ஒருவரைக் கத்தோலிக்கர் கோயிலில் வைத்து மணக்கவும் ஆயரின் அனுமதியோடு வழி இருக்கிறது. அந்தப் பெண் இன்றைக்கும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறாள். அந்தப் பையன் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறான். இப்படியிருக்க, ‘கடந்து’ என்று எழுதினால் இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும், நம் பிள்ளை நம்மிடமிருந்து விலகிவிட்டது என்று யாரோ ஊருக்குச் சொல்கிற மாதிரிதான் கேட்கும். கல்யாணப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து அவர்கள் பயந்ததே அதற்குத்தான். எல்லா மதமும் ஒன்றே என்பதும் அப்படித்தான். அதை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள், நம்பாத பக்தர்களும் இரு பக்கமும் இருக்கிறார்கள். பண்டிகை நாளில் வாழ்த்து மடல் வழியாக அந்த வழக்கைத் தொடங்க வேண்டியதில்லை.

உறை மேல் எழுதும் பெயரும் கவனிக்க வேண்டியது. பெண்ணை வீட்டில் என்ன பெயரால் கூப்பிடுகிறோமோ அதையே எழுதலாம். மாப்பிள்ளைக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் ஒன்று இருக்கும். எதை எழுதுவது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். கல்யாணப் பத்திரிகையில் இருக்கும் பெயர் எப்போதும் பத்திரமானது.

ஒரே மடலை இரண்டாகப் பிரிக்கலாம் என்பதே நான் அவருக்குச் சொன்ன யோசனை. பிள்ளைகளுக்கு ஒன்று, சம்பந்திக்கு ஒன்று. பிள்ளைகளுக்கு இப்படி:

“நம் வீட்டில் தலை தீபாவளி கொண்டாட வரும் உங்கள் இருவருக்கும் பெரியப்பா, பெரியம்மாவின் ஆசிகள். இருவரும் நோய்நொடி இல்லாமல், நிறைந்த மனசோடு நூறாண்டு வாழ வேண்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் வீட்டு எண்ணெய்க் குளியல் காத்திருக்கிறது.”

சம்பந்தி வீட்டுக்கு இப்படி:

“அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு, வணக்கம். பிள்ளைகள் இருவரையும் தலை தீபாவளிக்கு எங்களிடம் அனுப்பி வைப்பதற்குக் குடும்பத்தார் எல்லோரும் நன்றி சொல்கிறோம். வீட்டில் செய்த பலகாரம் கொஞ்சம் கொடுத்தனுப்புகிறோம். அம்மா அவர்களின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நாங்கள் திண்டுக்கல் வந்து உங்களை நேரில் வாழ்த்த ஆசைப்படுகிறோம்.”

இரண்டாவது மடலில் அவர்களைத் தீபாவளி கொண்டாடச் சொல்லவில்லை, கொண்டாடாதவர்கள் என்று ஒதுக்கவும் இல்லை. மகனை முதல் பண்டிகைக்கு இன்னொரு வீட்டுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் தாய் தகப்பனுக்குச் சொல்ல வேண்டிய நன்றி இருக்கிறது. முழங்கால் வலியைக் கேட்டதில் உறவு இருக்கிறது. டிசம்பருக்கு ஒரு வாக்கும் இருக்கிறது. எழுதிவிட்டால் போய்த்தான் ஆக வேண்டும். போக முடியாது என்றால் அந்த வரியை எழுதவே வேண்டாம்.

பலகாரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், பெரும்பாலான மனஸ்தாபம் இங்கேதான் வருகிறது. சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடுவதில்லை என்று இருக்கிற கிறிஸ்தவ வீடுகள் பல உண்டு. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே இதைப் பற்றிய பேச்சு இருக்கிறது. சில வீடுகளில் இது பெரிய விஷயமே இல்லை. நம் சம்பந்தி வீடு எப்படி என்று மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே கேட்டுவிடலாம். வேண்டாம் என்றால் வழி சுலபம். நம் ஊர்ப் பாட்டிகள் கிறிஸ்தவ, முஸ்லிம் அண்டை வீடுகளுக்கு எப்போதும் செய்ததுதான். அடுப்பிலிருந்து இறக்கியதும், படைப்பதற்கு முன்பே அவர்கள் பங்கைத் தனிச் சம்படத்தில் எடுத்து வைத்துவிடுவார்கள். இதை மடலில் எழுத வேண்டாம். எழுதினால் சந்தேகப்பட்டுச் செய்த மாதிரி இருக்கும். நம் பெண் சம்படத்தைக் கொடுக்கும்போது, “அத்தை, இது படைக்கிறதுக்கு முன்னாடியே உங்களுக்குன்னு எடுத்து வெச்சது” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த அத்தை அதை மறக்க மாட்டார்.

வேட்டி முனையில் வைக்கும் மஞ்சளையும் இதே போலக் கேட்டுச் செய்யலாம். போனில் பேசும்போது “கங்கா ஸ்நானம் ஆச்சா?” என்பது நம் ஆட்களுக்குள் கேட்டுக்கொள்வது. சம்பந்தியிடம் “பிள்ளைங்க நல்லபடியா வந்து சேர்ந்துட்டாங்க” என்று ஆரம்பிக்கலாம்.

டிசம்பரில் பந்து திண்டுக்கல் பக்கம். அங்கிருந்து கும்பகோணத்துக்கு வாழ்த்து வரும்போது கிறிஸ்துமஸ் மரியாதை முழுதாக இருக்கட்டும், குடிலும் நட்சத்திரமும் உள்ள அட்டையாகவே இருக்கட்டும். கேக் அனுப்பும்போது மட்டும் முட்டை இல்லாதது, ரம்மில் ஊறாதது என்று பார்த்து வாங்கினால், சைவ வீட்டுப் பெரியம்மாவும் ஒரு துண்டு எடுத்துக்கொள்வார். தீபாவளிக்கு ஒரு சம்படம் வந்திருந்தால் கிறிஸ்துமஸுக்கும் அதே அளவில் ஒன்று போகட்டும். இரு பக்கமும் யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் கவனிப்பது இதைத்தான்.

தேதிகளில் சில நேரம் சங்கடம் வரும். 2017இல் சித்திரைப் புத்தாண்டான ஏப்ரல் 14, பெரிய வெள்ளியாக அமைந்தது. நாம் மாங்காய்ப் பச்சடியும் பாயசமுமாக இருந்த அதே நாளில் கத்தோலிக்க வீடுகளில் நோன்பு, சிலுவைப்பாதை, இயேசு இறந்ததை நினைத்து மாலை மூன்று மணிக்கு வழிபாடு. அன்றைக்கு அந்த வீட்டுக்கு ‘இனிய’ என்று தொடங்கும் எதையும் அனுப்பக் கூடாது. பெரிய வெள்ளிக்கே வாழ்த்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அது வாழ்த்துச் சொல்லும் நாளே இல்லை. இப்படி ஒரு வருஷம் வந்தால் நம் பெண்ணுக்கு மட்டும் தனியாகப் போன் செய்து புத்தாண்டு ஆசி சொல்லலாம். சம்பந்திக்கு ஞாயிறு வரை பொறுத்திருந்து, உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்தோடு பேசலாம். 2013இல் தீபாவளி நவம்பர் 2ஆம் தேதி வந்தது. அது கல்லறைத் திருநாள். இறந்தவர்களுக்குப் பூவும் மெழுகுவத்தியும் வைத்துக் கும்பிடுகிற நாள். அந்த ஆண்டு வீட்டில் யாரையாவது இழந்திருந்தால், பட்டாசுப் படம் போட்ட வாட்ஸ்அப் வாழ்த்து எப்படி வலிக்கும்! நம் பக்கமும் துக்கம் நடந்த வீட்டில் அந்த ஆண்டு பண்டிகை இல்லை. அதைப் பிள்ளைகள்தான் சம்பந்தி வீட்டுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

பொங்கலுக்கு இவ்வளவு யோசனை தேவைப்படுவதில்லை. கத்தோலிக்கக் கோயில் வளாகங்களிலேயே பானை வைத்துப் பொங்குகிற ஊர்கள் நிறைய இருக்கின்றன. ஒரே அட்டையில் இரு குடும்பத்தாரையும் சேர்த்து எழுத அதுதான் நல்ல நாள்.

இதெல்லாம் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தை மனத்தில் வைத்துச் சொன்னது. கிறிஸ்தவர்களிலேயே கிறிஸ்துமஸ் கொண்டாடாத சபையார் உண்டு. முஸ்லிம் சம்பந்தி என்றால் பிறை பார்த்துத் தலைமை காஜி அறிவித்த பிறகே பெருநாள் வாழ்த்து. எந்த வீடாக இருந்தாலும் விசாரிக்க வேண்டிய இடம் ஒன்றுதான், அந்த வீட்டுப் பிள்ளை.

கும்பகோணத்து வாசகர் இரண்டு மடல்களையும் தன் கையெழுத்திலேயே எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கல்யாணம் நடந்திருந்தால், இந்த வாரமே மருமகனிடமோ மருமகளிடமோ கேட்டு அவர்கள் வீட்டு விழாக்களையும் நோன்பு நாட்களையும் உங்கள் தினசரிக் காலண்டரில் குறித்து வையுங்கள். சம்பந்தி வீட்டிலிருந்து வந்து உங்கள் மனம் குளிர்ந்த வாழ்த்து ஏதாவது இருந்தால், பெயர்களை நீக்கிவிட்டு எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்