அழுகைக்கு ஒரு பாட்டு, சிரிப்புக்கு ஒரு பாட்டு

ஆண்டு விழா டான்ஸுக்கு டீச்சர் தன்னைச் சேர்க்கவில்லை என்று நாலாம் வகுப்புப் பிள்ளை பையை மூலையில் வீசிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். நாம் என்ன செய்வோம்? போனை எடுத்து ஒரு குத்துப்பாட்டைப் போடுவோம். அவளோ, "அதை நிறுத்தும்மா!" என்று காதைப் பொத்திக்கொள்வாள். தன் வருத்தம் வீட்டில் யாருக்கும் புரியவில்லை என்றுதான் அவளுக்குத் தோன்றும்.

இசையால் மனதை ஆற்றுகிறவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 1940களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷுலர் எழுதிவைத்த வழி அது. முதலில் இருக்கிற மனநிலைக்கு ஒத்த இசை; பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்ட வேண்டும்.

வீட்டில் இதற்கு மூன்று பாட்டு போதும். முதலில் அவள் சொல்வதைக் கேட்டுவிட்டு, ஒரு மெதுவான பாட்டைத் தாழ்ந்த குரலில் நீங்களே பாடுங்கள். 'களத்தூர் கண்ணம்மா'வில் (1960) சின்னப் பையன் கமலுக்காக எம்.எஸ்.ராஜேஸ்வரி பாடிய பாட்டு இதற்குப் பொருந்தும். இரண்டாவது, நடை வேகத்தில் ஒன்று. அழ.வள்ளியப்பாவின் வேடிக்கைப் பாட்டுகளில் அவளுக்குத் தெரிந்ததாக இருக்கட்டும். கால் விரல் தாளம் போட்டாலோ, வாய் முணுமுணுத்தாலோ மூன்றாவதுக்குப் போகலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் மறுபடி மெதுவான பாட்டுக்கே வாருங்கள்.

மூன்றாவது, கை தட்டிப் பாடுகிற பாட்டு. இதை நாமே கட்டிவிடலாம். எறையூர்ப் பிள்ளைகளுக்குச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் தெரியாதா என்ன?

டுர்ரு டுர்ரு டிராக்டரு
கரும்பு ஏத்தின டிராக்டரு
மேட்டைக் கண்டு முக்குது
ஏறி நின்னு சிரிக்குது!

அடுத்த இரண்டு வரியை அவளையே கட்டச் சொல்லுங்கள். எவ்வளவு கோணலாக வந்தாலும் திருத்தாதீர்கள். மேடையில் கிடைக்காத இடம் இங்கே கிடைக்கிறது.

ஒரு எச்சரிக்கை. மெட்டை மட்டும் கேட்டுப் பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். 'குழந்தையும் தெய்வமும்' (1965) படத்தின் கோழிப் பாட்டு துள்ளலாகத்தான் இருக்கும். ஆனால் அதன் பொருள், பெற்றோர் பிரிந்து வாழ்வதால் பிள்ளைகள் படும் வேதனை. வருத்தத்தில் இருக்கும் பிள்ளை வார்த்தைகளைக் கவனமாகக் கேட்கும்.

ஒரு நாள் ஏமாற்றத்துக்குத்தான் இந்த வைத்தியம். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது மட்டும் வயிறு வலிக்கிறது என்று தினமும் சொன்னாலோ, சாப்பாடும் தூக்கமும் குறைந்தாலோ பாட்டை நிறுத்திவிட்டு விசாரியுங்கள். வகுப்பாசிரியரை நேரில் பாருங்கள். அடி, மிரட்டல் என்று தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசலாம், கட்டணம் கிடையாது.